18 நாள் வராத தொழிலாளி: பெயர் நீக்க ஆணை ஏன் நிற்கவில்லை

## பின்னணி

கோவைப் பகுதியில் பம்புசெட் உதிரிகளைக் கடைந்து தரும் ஒரு தொழிற்சாலையில் நடந்தது இது. நிரந்தரத் தொழிலாளர்கள் 140 பேர், மூன்று ஷிப்ட், ஒரு தொழிற்சங்கம். 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய காலம். நிலையாணைகள் என்பவை ஓர் ஆலையின் சான்று பெற்ற பணி விதிகள். அப்போது 100 தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கு 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம் பொருந்தியது. புதிய தொகுப்பில் அந்த வரம்பு 300 ஆக உயர்ந்துவிட்டது. இங்கே வந்த சிக்கல் எந்தச் சட்டத்தின் கீழும் வரக்கூடியதுதான்.

இந்தத் தொழிற்சாலையின் நிலையாணைகள், மைய அரசின் மாதிரி நிலையாணைகளை ஏறக்குறைய அப்படியே எடுத்து எழுதி, தொழிலாளர் துறையின் சான்றளிப்பு அலுவலரிடம் பல ஆண்டுகளுக்கு முன் சான்று பெற்றவை. வேலைக்கு வராமை பற்றி அதில் இரண்டு இடங்களில் பேசப்படுகிறது. இந்த நிகழ்வு முழுவதும் அந்த இரண்டுக்கும் இடையில்தான் நடக்கிறது.

முதலாவது, விடுப்பு பற்றிய 9ஆம் பிரிவு. அனுமதித்த விடுப்பு முடிந்த பிறகும் ஒருவர் வரவில்லை என்றால், 8 நாட்களுக்குள் திரும்பி வந்து, தாமதத்துக்கான காரணத்தை நிர்வாகம் ஏற்கும்படி சொன்னால் ஒழிய, தன் பணியிடத்தின் மீதான உரிமையை இழப்பார். டைம் ஆபிஸில் இதை ‘லீன் போயிடும்’ என்பார்கள். அதே பிரிவின் அடுத்த வரியைப் பலர் படிப்பதில்லை. அப்படி உரிமை இழந்தவரைப் பதிலித் தொழிலாளர் பட்டியலில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அந்த வரி. ஆகவே அந்தப் பிரிவின்படியே பார்த்தாலும், அவருக்கு ஆலையோடு உள்ள தொடர்பு அறுந்துபோவதில்லை.

இரண்டாவது, ஒழுங்கீனங்களைப் பட்டியலிடும் 14ஆம் பிரிவு. திருட்டு, வேண்டுமென்றே கீழ்ப்படியாமை, பொருளுக்குச் சேதம் விளைவித்தல் ஆகியவற்றோடு, ‘அனுமதியின்றிப் பழக்கமாக வராமலிருத்தல், அல்லது அனுமதியின்றித் தொடர்ந்து 10 நாட்களுக்கு மேல் வராமலிருத்தல்’ என்பதும் அதில் ஓர் உட்பிரிவு. இதற்குத் தண்டனை தர வேண்டுமானால் குற்றச்சாட்டு, விளக்கம், விசாரணை என்ற வழியில்தான் போக வேண்டும்.

8 நாள் வழி குறுக்குவழிபோலத் தெரியும், 10 நாள் வழி நீண்டது. நிர்வாகங்கள் முதலாவதை நாடுவதன் காரணம் இவ்வளவுதான்.

## நடந்தது

சம்பந்தப்பட்டவர் 11 ஆண்டு பணிபுரிந்த லேத் ஆபரேட்டர். ஊர்க் கொடைக்காக 3 நாள் விடுப்பு எழுதிக் கொடுத்து, அனுமதியோடு தென்மாவட்டத்திலுள்ள தன் ஊருக்குப் போனார். நான்காம் நாள் வேலைக்கு வரவில்லை. அன்று மாலை ஷிப்ட் சூப்பர்வைசரைத் தொலைபேசியில் அழைத்து, தனக்கு அம்மை போட்டிருப்பதாகச் சொன்னார். ‘சரி, வந்ததும் லெட்டர் எழுதிக் குடு’ என்றார் சூப்பர்வைசர். இந்தப் பேச்சு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை, டைம் ஆபிஸுக்கும் தெரியாது.

வராமையின் 10ஆம் நாள், ‘மூன்று நாட்களுக்குள் பணிக்குத் திரும்பாவிட்டால் பணியிட உரிமையை இழப்பீர்’ என்று டைம் ஆபிஸ் பதிவுத் தபால் அனுப்பியது. முகவரியை வேலையில் சேர்ந்தபோது நிரப்பிய படிவத்திலிருந்து எடுத்தார்கள். அந்த வாடகை வீட்டை அவர் காலி செய்து பல ஆண்டுகளாகிவிட்டன. ‘வீடு மாறிவிட்டார்’ என்ற குறிப்போடு கவர் 15ஆம் நாள் திரும்பி வந்தது. மறுநாளே பர்சனல் மேனேஜர் கையெழுத்திட்டு, ‘தாமாகவே பணியைக் கைவிட்டுவிட்டதாகக் கருதப்படுகிறது’ என்று வருகைப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கினார். அந்த ஆணையும் அதே பழைய முகவரிக்கே போனது.

18 வேலை நாட்கள் வராமலிருந்துவிட்டு, 19ஆம் நாள் காலை ஷிப்டுக்கு அவர் வந்தார். கேட்டில் இருந்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. காவலாளி உள்ளே விடவில்லை. டைம் ஆபிஸிலிருந்து ஒருவர் வெளியே வந்து, ‘டாக்டர் சர்டிபிகேட் இல்லாம எதுவும் பேச முடியாது’ என்றார். அடுத்த இரண்டு நாளும் வந்து நின்றார். அவர் வந்து போனதை கேட் டைரியில் எழுதவில்லை. மூன்றாம் நாள், அவர் வேலைக்குத் தயாராக இருப்பதாகச் சங்கம் கடிதம் கொடுத்து, அதன் நகலில் தேதியோடு முத்திரை வாங்கியது. பின்னால் பணக் கணக்குக்கு அந்த முத்திரையிட்ட கடிதமே ஆதாரமானது.

இதற்கிடையில் அவர் ஒரு தனியார் மருத்துவரிடம் சான்று வாங்கிவந்தார். அதில் ‘மஞ்சள் காமாலைக்காக 20 நாள் சிகிச்சை பெற்றார்’ என்று எழுதியிருந்தது. அம்மை என்று தொலைபேசியில் சொன்னவர் காமாலைச் சான்றோடு வந்தது பின்னால் பெரிய சிக்கலானது.

## சமரச அலுவலகத்தில்

அப்போது நடப்பிலிருந்த தொழிற்தகராறுகள் சட்டத்தின் 2-ஏ பிரிவின்படி, தனி ஆளின் பணிநீக்கமும் தொழிற்தகராறாகவே கருதப்பட்டது. அவர் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுக் கொடுத்தார். நிர்வாகத்தின் முதல் பதில் உறுதியாக இருந்தது: ‘நாங்கள் வேலைநீக்கம் செய்யவில்லை. அவரே விட்டுவிட்டுப் போனார். நிலையாணை தானாகவே வேலை செய்தது.’

முதல் அமர்வுக்குப் பின் நிர்வாகம் ஒரு தொழிலாளர் சட்ட ஆலோசகரை அழைத்தது. அவர் நிலையாணை, திரும்பி வந்த கவர், பெயர் நீக்க ஆணை, சங்கத்தின் முத்திரையிட்ட கடிதம் ஆகிய நான்கு தாள்களை மட்டும் கேட்டு வாங்கிப் படித்தார். ஆணையைத் திரும்பப் பெறுவதே சரி என்பது அவருடைய கருத்து. அவர் சொன்ன காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தவறு இன்றும் நடக்கிறது.

‘தானாக வேலை செய்யும்’ நிலையாணைக்கு ஒரு காலத்தில் நீதிமன்ற ஆதரவு இருந்தது உண்மை. பெரம்பூரில் இயங்கிய பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலையின் நிலையாணையிலும் 8 வேலை நாள் அனுமதியின்றி வராதவர் பணியை விட்டவராகக் கருதப்படுவார் என்று இருந்தது. 1963இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆலைக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொன்னது. பழைய பர்சனல் அதிகாரிகள் இதைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். ஆனால் 1993 மே மாதத்தில் டி.கே. யாதவ் வழக்கில் அதே நீதிமன்றம் நிலைமையை மாற்றியது. அங்கேயும் 8 நாள் பிரிவுதான். அங்கேயும் தொழிலாளி, தான் தினமும் வந்ததாகவும் கேட்டில் தடுக்கப்பட்டதாகவும் சொன்னார். வேலை என்பது பிழைப்பு, விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் அதைப் பறிக்கக் கூடாது, நிலையாணையில் அப்படி எழுதியிருந்தாலும் இயற்கை நீதியை அதற்குள் சேர்த்தே படிக்க வேண்டும் என்று சொல்லி, வேலை இல்லாதிருந்த காலத்துக்கான ஊதியத்தில் 50 சதவீதத்தோடு அவரைத் திரும்ப வேலையில் அமர்த்தச் சொன்னது.

அடுத்த காரணம், பணியைக் கைவிடுதல் என்பது மனத்தைப் பொறுத்தது. ஆள் இல்லை என்பது மட்டும் போதாது, திரும்பி வரும் எண்ணம் இல்லை என்பதும் தெரிய வேண்டும். 19ஆம் நாள் காலையில் சீருடையோடு கேட்டில் வந்து நிற்பவர் வேலையைக் கைவிட்டார் என்று யாரிடமும் நிரூபிக்க முடியாது.

இன்னொன்றையும் ஆலோசகர் சுட்டினார். பெயரை நீக்குவது பணியை முடிப்பதுதான் என்றும், ஒழுங்கீனத்துக்கான தண்டனையாக அல்லாமல் அப்படி முடித்தால் அது ஆட்குறைப்பு ஆகும் என்றும் உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லியிருக்கிறது. அப்படியானால் 240 நாள் பணி முடித்தவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பும், ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் வீதம் இழப்பீடும் கொடுத்திருக்க வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. நிர்வாகம் இதைத் தண்டனை என்றால் விசாரணை இல்லை, தண்டனை இல்லை என்றால் இழப்பீடு இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆணை விழும்.

நிர்வாகத்துக்கு இது கசப்பாகவே இருந்தது. ‘18 நாள் வராதவனை மாலை போட்டுக் கூப்பிடுவதா’ என்று உற்பத்தி மேலாளர் கேட்டார். ஆலோசகர் கொடுத்த பதிலே பின்பு முடிவானது: ஆணையைத் திரும்பப் பெறுவது அவரைக் குற்றமற்றவர் என்று ஏற்பதாகாது. 14ஆம் பிரிவு அப்படியேதான் இருக்கிறது. அதன் வழியில் முறையாகப் போகலாம்.

சமரச அலுவலர் முன் எழுதிக் கையெழுத்தான ஏற்பாடு சுருக்கமானது. பெயர் நீக்க ஆணை ரத்து. கேட்டில் தடுக்கப்பட்ட முதல் நாளிலிருந்து மீண்டும் வேலையில் சேர்ந்த நாள்வரை 41 நாட்கள் ஆகியிருந்தன. அந்தக் காலத்துக்கு முழு ஊதியம், ஏனென்றால் அவர் தயாராக இருந்தும் வேலை தரப்படவில்லை. வராத 18 நாளுக்கான நடவடிக்கை எடுக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. இந்தக் கடைசி வரியை எழுதாமல் விட்டிருந்தால், பின்னால் குற்றச்சாட்டு கொடுத்தபோது ‘எல்லாம் பேசித் தீர்ந்துவிட்டதே’ என்ற வாதம் வந்திருக்கும்.

## குற்றச்சாட்டுக் குறிப்பாணை

பர்சனல் துறை எழுதிய முதல் வரைவு இது: ‘நீர் அடிக்கடி விடுப்பு எடுத்துக்கொண்டு பொறுப்பின்றி நடந்து, உற்பத்தியைப் பாதித்து, நிர்வாகத்துக்குக் கெட்ட பெயர் ஏற்படுத்தினீர்.’ இதை ஆலோசகர் முழுவதுமாகத் தள்ளினார். இதில் தேதி இல்லை, நிலையாணைப் பிரிவு இல்லை. ‘பொறுப்பின்மை’, ‘கெட்ட பெயர்’ என்பவை 14ஆம் பிரிவின் பட்டியலில் இல்லவே இல்லை. நிலையாணையில் சொல்லப்படாத ஒன்றைக் குற்றமாக்கித் தண்டிக்க முடியாது என்பதை 1983இல் கிளாக்ஸோ லேபரட்டரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எது குற்றம் என்று தொழிலாளிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பட்டியல் சான்று பெற்று, கேட்டருகே ஒட்டப்படுவது அதற்காகத்தான்.

‘அடிக்கடி’ என்ற சொல்லைச் சுற்றித் தனியாக ஒரு விவாதம் நடந்தது. அவருடைய கோப்பில், வராமைக்காக 6 ஆண்டுக்கு முன் ஓர் எச்சரிக்கை மெமோவும், 3 ஆண்டுக்கு முன் இன்னொன்றும் இருந்தன. இவற்றைக் காட்டிப் ‘பழக்கமாக’ என்று எழுதலாம் என்றது பர்சனல் துறை. 11 ஆண்டில் இரண்டு மெமோவைப் பழக்கம் என்று எந்த நீதிமன்றமும் ஏற்காது. அதைக் குற்றச்சாட்டில் சேர்த்து நிரூபிக்க முடியாமல் போனால், நிரூபிக்கக்கூடிய மற்ற பகுதியின் மீதும் சந்தேகம் விழும். பழைய மெமோக்களுக்கு உரிய இடம் தண்டனையைத் தீர்மானிக்கும் கட்டம். அதுவும் தொழிலாளியிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான்.

இறுதிக் குறிப்பாணை ஒரே பத்தி. அனுமதித்த 3 நாள் விடுப்பு எந்தத் தேதியில் முடிந்தது, அதன்பின் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை 18 வேலை நாட்கள் அனுமதியின்றி வரவில்லை, இது 14ஆம் பிரிவின் எந்த உட்பிரிவில் வருகிறது, பதில் தர 7 நாள். கூடவே வருகைப் பதிவேட்டின் அந்தப் பக்க நகலும், விடுப்புக் கடித நகலும். தமிழில் எழுதி, நேரில் கொடுத்து, கையெழுத்து வாங்கப்பட்டது.

விசாரணை முடியும்வரை அவரைத் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைப்பதா என்ற கேள்வி எழுந்தது. வேண்டாம் என்று முடிவானது. சஸ்பென்ஷன், ஆள் உள்ளே இருந்தால் சாட்சிகளை மிரட்டுவார் அல்லது ஆவணத்தைக் கலைப்பார் என்ற அச்சம் இருக்கும்போதுதான் தேவை. இங்கே ஆவணங்கள் டைம் ஆபிஸில் பத்திரமாக இருந்தன. சஸ்பென்ட் செய்தால் பிழைப்பூதியமும் தர வேண்டும். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி அது முதல் 90 நாளுக்கு ஊதியத்தில் பாதி, 180 நாள் வரை முக்கால் பங்கு, அதற்கு மேல் முழுமை. வேலை செய்யாத ஆளுக்கு அந்தப் பணத்தைக் கொடுத்து, விசாரணையும் இழுத்துக்கொண்டே போவது எத்தனையோ ஆலைகளில் நடப்பது.

அவருடைய பதில் அரைப்பக்கம். வரவில்லை என்பது உண்மை, அம்மை போட்டிருந்தது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டைவிட்டு வெளியே வரும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை, முதல் நாளே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். ‘குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார், விசாரணை எதற்கு’ என்று பர்சனல் துறையில் ஒரு கருத்து எழுந்தது. இது ஒப்புதல் ஆகாது. வரவில்லை என்பதை மட்டுமே அவர் ஏற்றார், அனுமதியின்றி என்பதை ஏற்கவில்லை. குற்றச்சாட்டின் உயிர் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

## விசாரணை

விசாரணை அதிகாரியாக முதலில் நியமிக்கப்பட்டவர் பர்சனல் மேனேஜர். பெயர் நீக்க ஆணையில் கையெழுத்திட்டவரே அவர். சங்கம் எழுத்தில் ஆட்சேபித்தது. நிர்வாகம் இரண்டு நாளில் அவரை மாற்றி வெளியாள் ஒருவரை, ஒரு வழக்கறிஞரை, நியமித்தது. தன் முடிவைத் தானே விசாரிக்கும் ஒருவரின் அறிக்கை எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டாலும் நீதிமன்றத்தில் நிற்காது. தொழிலாளிக்குத் துணையாகச் சங்கத்தின் செயலாளர் வந்தார், நிலையாணையே அதற்கு இடம் தருகிறது.

மூன்று அமர்வுகள் நடந்தன. முதல் அமர்விலேயே ஒரு சறுக்கல். விசாரணை அதிகாரி தொழிலாளியை உட்காரவைத்து, ‘ஏன் வரவில்லை, யாரிடம் சொன்னீர்’ என்று கேட்கத் தொடங்கினார். சங்கச் செயலாளர் எழுந்து, நிர்வாகம் தன் சாட்சிகளை முதலில் நிறுத்தட்டும் என்றார். அவர் சொன்னது சரி. குற்றம் சாட்டியவர்தான் முதலில் நிரூபிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரிடம் குறுக்குக் கேள்வி கேட்பதோடு தொடங்கும் விசாரணைகளை நீதிமன்றங்கள் தொடர்ந்து தள்ளிவந்திருக்கின்றன. கேட்ட கேள்விகள் அடிக்கப்பட்டு, ‘ஆட்சேபம் ஏற்கப்பட்டது, நிர்வாகச் சாட்சியிலிருந்து தொடங்குகிறது’ என்று பதிவானது. திருத்தியதை மறைக்காமல் எழுதியது நல்லதாகப் போயிற்று.

இரண்டாவது சறுக்கலைத் தவிர்த்தார்கள். டைம் ஆபிஸ் எழுத்தர் முன்பே தயாரித்த வாக்குமூலத்தைப் படித்துவிட்டுப் போகவிருந்தார். அதற்குப் பதிலாக அவர் தொழிலாளி முன்னிலையில் வாய்மொழியாகச் சாட்சி சொல்லி, வருகைப் பதிவேட்டைக் காட்டி, குறுக்கு விசாரணைக்கும் உட்பட்டார். ஒவ்வொரு பக்கத்திலும் அனைவரும் கையெழுத்திட்டனர். நடவடிக்கைகள் தமிழிலேயே பதிவாகின, நாள் முடிவில் நகல் கொடுக்கப்பட்டது.

இரண்டாம் அமர்வில் சூப்பர்வைசர் வந்தார். தொலைபேசி அழைப்பு வந்ததை மறுக்கவில்லை. ‘அம்மை என்று சொன்னார், வந்து லெட்டர் கொடு என்றேன். லீவு சாங்ஷன் பண்ணும் அதிகாரம் எனக்கு இல்லை’ என்றார். குறுக்கு விசாரணையில், கடந்த ஓராண்டில் தன் ஷிப்டில் நான்கு பேர் இதேபோலத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, பிறகு வந்து எழுதிக் கொடுத்து, விடுப்பு ஏற்கப்பட்டிருப்பதை ஒப்புக்கொண்டார். நிர்வாகத்தின் வழக்கு மெலிந்தது இந்த இடத்தில்தான். எழுத்தில் அனுமதி வேண்டும் என்று நிலையாணை சொல்கிறது, தொலைபேசியே போதும் என்று நடைமுறை சொல்லிக்கொடுத்திருக்கிறது.

மூன்றாம் அமர்வில் தொழிலாளி சாட்சி சொன்னார். காமாலைச் சான்று அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த மருத்துவர் தனக்குச் சிகிச்சை அளிக்கவில்லை, கேட்டில் சர்டிபிகேட் கேட்டதால் பணம் கொடுத்து வாங்கினேன், அம்மைக்கு யாரும் டாக்டரிடம் போகவில்லை, அம்மை என்று எழுதித் தர அந்த டாக்டர் மறுத்ததால் காமாலை என்று எழுதினார் என்றார். அம்மை இறங்கிய தழும்புகளைக் காட்டினார். அவரோடு ஊரில் ஒரே வீட்டில் இருந்த உறவினர் ஒருவரும் வந்து சாட்சி சொன்னார்.

## அறிக்கையும் தண்டனையும்

விசாரணை அறிக்கை குற்றச்சாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தது. 18 நாள் வராமை நிரூபணம். சூப்பர்வைசரிடம் சொன்னது தகவலே தவிர அனுமதி ஆகாது, ஆகவே ‘அனுமதியின்றி’ என்பதும் நிரூபணம். ஆனால் நோய் உண்மையானது, வேண்டுமென்றே வராமலிருந்ததாகக் கொள்ள முடியாது. இதுவரை ஒழுங்காக இருந்த அறிக்கை, கடைசிப் பக்கத்தில் ஓர் எல்லையைத் தாண்டியது: ‘மேலும், பொய்ச் சான்று சமர்ப்பித்ததால் நேர்மையின்மை என்ற ஒழுங்கீனமும் நிரூபணமாகிறது.’

நேர்மையின்மையும் 14ஆம் பிரிவில் உள்ள ஒழுங்கீனம்தான். ஆனால் குறிப்பாணையில் அது இல்லை. சாட்டப்படாத குற்றத்துக்கு அவர் பதில் சொல்லியிருக்க முடியாது, எதிர்ச்சாட்சி நிறுத்தியிருக்கவும் முடியாது. தண்டனை வழங்கும் அதிகாரமுள்ள ஆலை மேலாளர் அந்தப் பத்தியை ஏற்க மறுத்து, காரணத்தைக் கோப்பில் எழுதினார். வேண்டுமானால் புதிய குறிப்பாணை கொடுத்துத் தனி விசாரணை நடத்தலாம் என்ற வழி திறந்தே இருந்தது. அதையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. சான்று இல்லாமல் உள்ளே விட முடியாது என்று கேட்டில் சொன்னது ஆலையின் ஆள்தான். பெயரை ஏற்கெனவே நீக்கிவிட்டு, அதைச் சொல்லாமல் சான்று கேட்டிருக்கிறார்கள். அந்த நெருக்கடியில் வாங்கிய தாளை வைத்து ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது நியாயமாக இருக்காது என்பது அவர் கருத்து. இனி இப்படிச் செய்தால் தனிக் குற்றமாகக் கொள்ளப்படும் என்று தனியாக எழுத்தில் தெரிவித்தார். இந்த முடிவில் அவர் காட்டிய நிதானம் பாராட்டுக்குரியது. கோபத்தில் அந்தப் பத்தியை ஏற்று வேலைநீக்கம் செய்திருந்தால், அந்த ஒரு பத்திக்காகவே வழக்கு தோற்றிருக்கும்.

அறிக்கையின் நகலோடு இரண்டாவது விளக்கம் கேட்கும் கடிதம் போனது. அதில் உத்தேசத் தண்டனையும், கணக்கில் எடுத்துக்கொள்ளவிருக்கும் பழைய இரண்டு மெமோக்களின் தேதிகளும் இருந்தன. அவருடைய பதிலைப் படித்தபின் வந்த இறுதி ஆணை: ஊதியமின்றி 4 நாள் பணி இடைநிறுத்தம். அந்த நிலையாணையின்படி தண்டனையாக ஒரு முறைக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்ச இடைநிறுத்தம் அதுதான். வராத 18 நாளில் 7 நாள், அவர் கேட்டுக்கொண்டபடி, சேர்ந்திருந்த ஈட்டிய விடுப்பில் கழிக்கப்பட்டது. மீதி 11 நாள் ஊதியமில்லா விடுப்பு.

வேலைநீக்கம் ஏன் இல்லை என்று உற்பத்திப் பிரிவிலிருந்து கேள்வி வந்தது. தண்டனையை அளக்கும்போது குற்றத்தின் கனம், முந்தைய பதிவு, தணிக்கும் அல்லது கூட்டும் சூழ்நிலைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று நிலையாணையே சொல்கிறது. தொழிற்தகராறுகள் சட்டத்தின் 11-ஏ பிரிவு, தண்டனை மிகை என்று கண்டால் அதை மாற்றும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குத் தந்திருந்தது. பாரத் ஃபோர்ஜ் வழக்கில் வேலை நேரத்தில் தூங்கிய தொழிலாளியின் வேலைநீக்கத்தை 2005இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது உண்மை. ஆனால் அவர் அதற்கு முன் மூன்று முறை தண்டிக்கப்பட்டவர். சிறு தண்டனைகள் படிப்படியாகக் கொடுக்கப்பட்டுப் பயன்படாமல் போன வரலாறு அங்கே இருந்தது. இங்கே இருந்தவை இரண்டு எச்சரிக்கைகள் மட்டும், அவற்றுக்கு இடையிலும் மூன்று ஆண்டு.

## பின்விளைவு

தொழிலாளி தண்டனையை ஏற்றுக்கொண்டார், தகராறு எழுப்பவில்லை. கேட்டிலிருந்து இறுதி ஆணைவரை ஏறக்குறைய 5 மாதம் ஆகியிருந்தது. நிர்வாகத்துக்கு மிகப் பெரிய செலவு விசாரணை அல்ல, வேலை வாங்காமல் கொடுத்த 41 நாள் ஊதியம். வராமையின் 11ஆம் நாளிலேயே சரியான முகவரிக்குக் குறிப்பாணை அனுப்பி, அவர் வந்ததும் வேலைக்கு எடுத்துக்கொண்டு விசாரித்திருந்தால், இதே தண்டனைக்கு அந்தச் செலவே இல்லாமல் வந்து சேர்ந்திருக்கலாம்.

தொழிலாளியின் பக்கத்திலும் தவறு உண்டு. அவர் இஎஸ்ஐ காப்பீட்டில் இருப்பவர். அரசு மருத்துவமனையிலோ இஎஸ்ஐ மருந்தகத்திலோ காட்டிச் சான்று பெற்றிருந்தால் நோய்க்கால உதவித்தொகை கிடைத்திருக்கும். அந்தத் தொகை பெறும் காலத்தில் தண்டிக்கக் கூடாது என்ற இஎஸ்ஐ சட்டப் பாதுகாப்பும் இருந்திருக்கும். அம்மைக்கு மருத்துவரிடம் போவதில்லை என்ற வழக்கம் இந்தப் பாதுகாப்பை இழக்கச் செய்கிறது. இதைச் சங்கம் தன் உறுப்பினர் கூட்டத்தில் பேசியது.

## மாற்றியவை

ஆலையில் இப்போது ஒவ்வொரு சூப்பர்வைசரிடமும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. விடுப்புக்காக வரும் அழைப்பின் நேரம், பெயர், சொன்ன காரணம் ஆகியவற்றை எழுதி, அன்றே டைம் ஆபிஸில் கையெழுத்து வாங்க வேண்டும். ஜனவரியில் எல்லாருடைய முகவரியும் சொந்த ஊர் முகவரியோடு புதுப்பிக்கப்படுகிறது. கடிதம் இரண்டுக்கும் போகும், கூடவே அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும். கேட்டில் திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொருவரின் பெயரும் நேரமும் டைரியில் ஏறுகிறது. அறிவிப்புப் பலகையில் ஆங்கில நிலையாணை மட்டும் ஒட்டியிருந்ததும், தமிழ்ப் பிரதி எப்போதோ கிழிந்துபோயிருந்ததும் விசாரணையின்போதுதான் கவனத்துக்கு வந்தது. தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் ஒட்ட வேண்டும் என்று 1946 சட்டத்தின் 9ஆம் பிரிவு சொன்னது. தமிழ்ப் பிரதி கண்ணாடிச் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

நிலையாணையின் 9ஆம் பிரிவைத் திருத்தச் சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து சான்றளிப்பு அலுவலரிடம் மனுக் கொடுத்தன. கோரிய திருத்தத்தின் சாரம்: 8 நாளுக்குள் வராதவருக்குக் கடைசியாகத் தெரிந்த இரு முகவரிகளுக்கும் கடிதம் அனுப்பப்படும், விளக்கம் தர 10 நாள் வாய்ப்பு, விளக்கம் ஏற்கப்படாவிட்டால் 14ஆம் பிரிவின்படி மட்டுமே நடவடிக்கை, பெயர் தானாக நீங்காது. அம்மைக்கு மருத்துவச் சான்று இல்லாமலே 10 நாள் சிறப்பு விடுப்பு வேண்டும் என்று சங்கம் தனியாக வைத்த கோரிக்கையை நிர்வாகம் ஏற்கவில்லை. குடும்பத்தில் ஒருவர் மூலம் மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவித்தால் போதும் என்பதோடு அந்தப் பேச்சு நின்றிருக்கிறது.